ஒரே ஆளின் பேங்க் கணக்கு எண் நாற்பது வரியில்: ஷீட்டுக் கடைக் கணக்கை டேபிள்களாகப் பிரிப்பது எப்படி?

தோட்டத்துப்பிள்ளை (குலசேகரம்)

எல்லாருக்கும் வணக்கம். மாமாவின் ரப்பர் ஷீட்டுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்தவள், டேட்டாபேஸ் பாடம் எதுவும் படித்ததில்லை. இரண்டு வருஷமாக எல்லாக் கொள்முதலையும் ஒரே எக்செல் ஷீட்டில்தான் அடிக்கிறேன். இப்போது 3,200 வரி இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் தேதி, பில் எண், ஆள் பெயர், போன், ஊர், தாலுகா, பேங்க் கணக்கு எண், தரம், கிலோ, விலை, தொகை என்று எல்லாம் வரும்.

போன மாதம் ஒரு சங்கடம் நடந்தது. எங்களுக்கு வாரம் ஒருமுறை ரப்பர் ஷீட்டு கொண்டு வரும் ஒருவர் (பெயரை மாற்றி செல்லத்துரை என்று போடுகிறேன்) வேறு பேங்கில் கணக்கு ஆரம்பித்தார். புது எண்ணைக் கொடுத்தார், அன்றைய வரியில் மாற்றினேன். சனிக்கிழமை பணம் போடும் பட்டியலை VLOOKUP வைத்து எடுத்தேன். பணம் பழைய கணக்குக்குப் போனது. அந்தக் கணக்கை அவர் மூடிவிட்டதால் பணம் திரும்பி வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அவர் கடை வாசலில் வந்து நின்றார். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணம் அது.

தேடியதில் "நார்மலைசேஷன் செய்ய வேண்டும், ஒரே தகவல் பல இடத்தில் இருக்கக் கூடாது" என்று படித்தேன். எனக்குப் புரியாதது இதுதான்: எதைப் பிரிப்பது, எதை விடுவது? என் ஷீட்டில் எல்லாமே திரும்பத் திரும்பத்தான் வருகிறது.

குளச்சல் வலைக்காரன்

இது ரொம்ப எளிது தங்கச்சி. எக்செலில் Data மெனுவில் Remove Duplicates இருக்கிறது. முழு ஷீட்டையும் தேர்வு செய்து அமுக்கினால் திரும்ப வந்த வரியெல்லாம் போய்விடும். நான் போட் கணக்கில் மாதாமாதம் செய்கிறேன்.

பழைய கீபோர்டு (தக்கலை)

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செய்வதாக இருந்தால் முதலில் ஃபைலை வேறு பெயரில் நகல் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

வலைக்காரத் தம்பி சொல்வது திரும்ப வந்த வரியை அழிப்பது. தங்கச்சி கேட்பது வேறு. அவர் ஷீட்டில் ஒவ்வொரு வரியும் உண்மையாக நடந்த ஒரு கொள்முதல். பில் எண் அடிக்க மறந்த நாளில் ஒரே ஆள் காலையில் 20 கிலோ, சாயங்காலம் 20 கிலோ, அதே தரம், அதே விலைக்குப் போட்டிருந்தால் இரண்டு வரியும் அச்சு அசல் ஒன்றாக இருக்கும். அந்தப் பட்டனை அமுக்கினால் ஒரு 20 கிலோ காணாமல் போகும், அது போனதை யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

இங்கே வரி திரும்பவில்லை. வரிக்குள் இருக்கும் சில செய்திகள்தான் திரும்புகின்றன.

குளச்சல் வலைக்காரன்

சரி அண்ணாச்சி. என் கணக்கில் ஒரே படகுக்கு ஒரே நாளில் இரண்டு முறை ஐஸ் ஏற்றுவதுண்டு. இப்போதே போய்ப் பார்க்கிறேன்.

வடசேரி மாணவன்

அக்கா, நான் பி.இ. மூன்றாம் வருஷம், இந்த செமஸ்டரில் இதுதான் பாடம். திரும்ப வருவதையெல்லாம் தனி டேபிளாக்கி ஒரு ஐடி கொடுக்க வேண்டும். ஆள் ஒரு டேபிள், ஊர் ஒரு டேபிள், தாலுகா ஒரு டேபிள், தரம் ஒரு டேபிள். விலையும் தரத்தோடு சேர்ந்தே வருவதால் அதைத் தரம் டேபிளில் போட்டுவிடலாம். தேதியும் திரும்ப வருகிறது, அதற்கும் ஒரு டேபிள். கடைசியில் கொள்முதல் டேபிளில் ஐடி எண்களும் கிலோவும் மட்டும் இருக்கும். அதுதான் முழு நார்மலைசேஷன்.

பழைய கீபோர்டு (தக்கலை)

தம்பி, பாதி சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். மறுபாதியை அப்படியே செய்தால் அந்தக் கடையின் பழைய பில் எல்லாம் பொய்யாகிவிடும். முதலில் சரியான பாதியை எடுத்துக்கொள்வோம்.

தங்கச்சி, செல்லத்துரைக்கு உங்கள் ஷீட்டில் எத்தனை வரி இருக்கிறது?

தோட்டத்துப்பிள்ளை (குலசேகரம்)

எண்ணிப் பார்த்தேன், அந்தச் சனிக்கிழமை வரைக்கும் 40 வரி. அதில் 39-இல் பழைய கணக்கு எண், ஒன்றில் புது எண்.

பழைய கீபோர்டு (தக்கலை)

VLOOKUP மேலிருந்து கீழே தேடி, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். நீங்கள் மாற்றியது கடைசி வரி. அது அந்த வரி வரைக்கும் வரவே இல்லை. கணினி தவறு செய்யவில்லை, நீங்களும் செய்யவில்லை. "செல்லத்துரையின் கணக்கு எண் என்ன" என்ற ஒரே கேள்விக்கு ஷீட்டில் 40 இடத்தில் பதில் இருந்தது, 40-ம் ஒத்துப்போகவில்லை. அதுதான் வினை.

எதைப் பிரிப்பது என்று கேட்டீர்கள். ஒவ்வொரு நெடுவரிசையின் மேலும் விரலை வைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது எதைப் பற்றிய செய்தி? கணக்கு எண் அந்த ஆளைப் பற்றியது. அவர் ஷீட்டு கொண்டு வந்தாலும் வராவிட்டாலும் அது அவருடையதுதான். போனும் அப்படியே. கிலோ அப்படியில்லை. 26.5 கிலோ என்பது செல்லத்துரையின் குணம் அல்லவே, அன்றைக்குத் தராசில் விழுந்த எடை. ஆகவே கணக்கு எண் ஆள் டேபிளுக்குப் போகும், கிலோ கொள்முதலோடு நிற்கும்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஆள் புதிதாக வந்து கணக்கு எண் கொடுத்துவிட்டு, ஷீட்டு அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்று போனால் எங்கே எழுதுவீர்கள்? ஒரே ஒரு பில் போட்ட ஆளின் பில்லை ரத்து செய்து அந்த வரியை அழித்தால் அவர் போன் நம்பர் எங்கே இருக்கும்?

தோட்டத்துப்பிள்ளை (குலசேகரம்)

முதலாவதுக்கு 0 கிலோ என்று ஒரு வரி போட்டு வைப்பேன். மாமா "ஒரு வரவுக்குச் சராசரி எத்தனை கிலோ" என்று கேட்டபோது சராசரி குறைவாக வந்தது, காரணம் இப்போதுதான் தெரிகிறது. இரண்டாவதும் நடந்திருக்கிறது. கடையாலுமூட்டில் ஒருவரின் நம்பரை அப்படித்தான் தொலைத்தேன்.

பழைய கீபோர்டு (தக்கலை)

மாற்றினால் ஒரு வினை, சேர்த்தால் ஒரு வினை, அழித்தால் ஒரு வினை. இந்த மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள். 1970-இல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் கோட் டேபிள்களை இப்படி அமைக்கும் முறையை எழுதினார். அடுத்த வருஷமே இந்த மூன்று வினைகளையும் வைத்துத்தான் மேற்கொண்டு பிரிப்பதற்கான காரணத்தை விளக்கினார். நீங்கள் கடையில் பட்டதைத்தான் அவர் கணக்காகச் சொன்னார்.

உங்கள் ஷீட்டை எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் `purchase` என்ற பெயரில் அப்படியே ஏற்றிவிட்டு இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT farmer, COUNT(DISTINCT account)
FROM purchase
GROUP BY farmer
HAVING COUNT(DISTINCT account) > 1;
```

ஒரே பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு எண் இருந்தால் பட்டியலில் வரும்.

தோட்டத்துப்பிள்ளை (குலசேகரம்)

11 பெயர் வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழு பேர் உண்மையாகவே கணக்கு மாற்றியவர்கள். இரண்டு இடத்தில் நான் ஒரு இலக்கம் தப்பாக அடித்திருக்கிறேன். மீதி இரண்டும் ஒரே பெயரில் இருக்கும் வேறு வேறு ஆட்கள். உதாரணமாக, ராஜன் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் புத்தன்வீடு, இன்னொருவர் கீழவிளை. மாமா வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார், நான்தான் ஷீட்டில் பெயரை மட்டும் அடித்தேன்.

பழைய கீபோர்டு (தக்கலை)

நல்லதாகப் போயிற்று, ஒரு முக்கியமான இடத்தை நீங்களே தொட்டுவிட்டீர்கள். நம் ஊரில் வீட்டுப் பெயர் வைத்துக் கூப்பிடுவதே பெயர் மட்டும் ஆளைக் காட்டாது என்பதற்காகத்தான். டேபிளிலும் அப்படியே. ஆள் டேபிளில் ஒவ்வொருவருக்கும் கடை கொடுக்கும் ஒரு எண் வேண்டும். பெயர் மாறலாம், எழுத்து மாறலாம், போன் மாறும். அந்த எண் மாறக் கூடாது.

```sql
CREATE TABLE farmer (
  farmer_id INTEGER PRIMARY KEY,
  name      TEXT,
  house     TEXT,
  phone     TEXT,
  place     TEXT,
  account   TEXT
);
```

கணக்கு எண்ணையும் போனையும் TEXT என்று வைத்திருப்பதைக் கவனியுங்கள். முன்னால் 0 உள்ள கணக்கு எண்ணை எண்ணாக வைத்தால் அந்த 0 போய்விடும்.

வடசேரி மாணவன்

சார், தாலுகாவை விட்டுவிட்டீர்களே?

பழைய கீபோர்டு (தக்கலை)

வேண்டுமென்றேதான் விட்டேன் தம்பி. தாலுகா ஆளைப் பற்றிய செய்தியா, ஊரைப் பற்றிய செய்தியா?

வடசேரி மாணவன்

ஊரைப் பற்றியது. ஆள் வழியாக ஊர், ஊர் வழியாகத் தாலுகா. சரி, மூன்றாம் நார்மல் ஃபார்ம் என்று படித்தது இதுதான். புத்தகத்தில் அம்புக்குறியோடு மனப்பாடம் செய்தேன், இப்போதுதான் உறைக்கிறது.

தோட்டத்துப்பிள்ளை (குலசேகரம்)

என் ஷீட்டில் குலசேகரத்துக்குச் சில வரியில் கல்குளம், சில வரியில் திருவட்டாறு என்று இருக்கிறது. மாமாவின் பழைய நோட்டைப் பார்த்து அடித்ததெல்லாம் கல்குளம். திருவட்டாறு தனித் தாலுகா ஆனபின் நானாக அடித்தது திருவட்டாறு.

பழைய கீபோர்டு (தக்கலை)

பாருங்கள், எவ்வளவு பொருத்தமான உதாரணம். அரசாங்கம் கல்குளத்தைப் பிரித்து ஒரே உத்தரவில் புதுத் தாலுகா ஆக்கியது. ஊர் ஒரு தனி டேபிளில் இருந்தால் நீங்களும் குலசேகரம் என்ற ஒரு வரியை மாற்றிவிட்டுப் போகலாம். இப்போது குலசேகரத்து ஆட்கள் அத்தனை பேரின் அத்தனை வரியையும் தேட வேண்டியிருக்கிறது. `place` என்ற டேபிள், அதில் ஊர், தாலுகா, இரண்டே நெடுவரிசை போதும்.

தோவாளைப் பூக்கடை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. என் ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு வியாபாரி. பக்கத்தில் பிச்சி, மல்லி, அரளி, கேந்தி, சம்பங்கி என்று ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நெடுவரிசை, அதில் கிலோ. புதுப் பூ வந்தால் ஒரு நெடுவரிசை சேர்ப்பேன். இப்போது 23 ஆகிவிட்டது, முக்கால்வாசி காலியாகக் கிடக்கிறது. இதிலும் ஏதாவது திரும்பி வருகிறதா?

பழைய கீபோர்டு (தக்கலை)

உங்களுக்குத் திரும்புவது குறுக்கே திரும்புகிறது அண்ணாச்சி. "இன்ன பூ, இத்தனை கிலோ" என்ற ஒரே மாதிரிச் செய்தி 23 முறை பக்கவாட்டில் நிற்கிறது. பூவின் பெயர் ஷீட்டின் தலைப்பாகிவிட்டது. உண்மையில் அது கட்டத்துக்குள் இருக்க வேண்டிய தகவல். ஒரு வியாபாரி மூன்று பூ வாங்கினால் மூன்று வரி எழுதுங்கள்: யார், எந்தப் பூ, எத்தனை கிலோ, என்ன விலை. புதுப் பூ வந்தால் புது வரி வரும், ஷீட்டின் அமைப்பு மாறாது. "இன்று மொத்தம் எத்தனை கிலோ பூ போயிற்று" என்று கேட்டால் 23 நெடுவரிசையைக் கூட்ட வேண்டாம், ஒன்றைக் கூட்டினால் போதும்.

தோவாளைப் பூக்கடை

அப்புறம், விலையைப் பற்றி அந்தப் பையன் சொன்னது எனக்கு ஒத்துவராது. ஓணத்துக்கு முந்தின நாட்களில் காலையில் பிச்சிக்கு ஒரு விலை, கேரளா வண்டி வந்து நின்றபின் ஒரு விலை, பொழுது ஏறினால் இன்னொரு விலை. பூவுக்கு ஒரு விலை என்று எந்த டேபிளில் எழுதி வைப்பது?

பழைய கீபோர்டு (தக்கலை)

அதற்குத்தான் வருகிறேன். தங்கச்சி, நீங்கள் ஒரு பில் சொல்லுங்கள்.

தோட்டத்துப்பிள்ளை (குலசேகரம்)

இதோ, இரண்டு வாரம் முந்தையது. செல்லத்துரை, ஆர்.எஸ்.எஸ். 4 தர ஷீட்டு, 26.5 கிலோ, விலை 190, தொகை 5,035. அதே பில்லில் ஒட்டுப்பால் 8 கிலோ தனி வரி. இந்த வாரம் ஆர்.எஸ்.எஸ். 4 விலை 200 ஆகிவிட்டது.

பழைய கீபோர்டு (தக்கலை)

மாணவத் தம்பி சொன்னபடி விலை தரம் டேபிளில் இருக்கிறது என்று வையுங்கள். இந்த வாரம் நீங்கள் அங்கே 190-ஐ 200 என்று மாற்றுகிறீர்கள். இப்போது அந்தப் பழைய பில்லைத் திறந்தால் 26.5 கிலோவை 200-ஆல் பெருக்கி 5,300 என்று காட்டும். அவர் கையில் வாங்கியது 5,035. கடை அவருக்கு 265 ரூபாய் பாக்கி என்று கணினி சொல்லும். எல்லோருடைய பழைய பில்லும் இதே மாதிரி ஏறும், விலை இறங்கினால் எல்லாம் சேர்ந்து இறங்கும்.

190 என்ற எண் அன்றைக்கு முப்பது வரியில் வந்திருக்கும், உண்மைதான். ஆனால் முப்பது வரியிலும் ஒரே செய்தி இல்லை. "இந்த ஆளோடு இந்த எடைக்கு இந்த விலை பேசினோம்" என்பது முப்பது தனித்தனிச் செய்திகள், தற்செயலாக எண் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றை மாற்றினால் மற்றவை மாறக் கூடாது. கணக்கு எண் அதற்கு நேர் எதிர். ஒன்றை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறியே ஆக வேண்டும்.

அதனால் எண் திரும்புகிறதா என்று பார்க்காதீர்கள். "இதை ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இடத்திலும் திருத்த வேண்டுமா" என்று கேளுங்கள். ஆம் என்றால் பிரியுங்கள். இல்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

வடசேரி மாணவன்

சார், தேதியும் தரமும் சேர்ந்து ஒரு தினவிலை டேபிள் வைத்தால்? ரப்பர் போர்டே தினமும் கோட்டயம் விலை போடுகிறதே. பழைய தேதியின் விலை மாறாது, திரும்பவும் எழுத வேண்டாம்.

பழைய கீபோர்டு (தக்கலை)

இது நல்ல யோசனை, நேற்றைக்குச் சொன்னதைவிட ஒரு படி மேல். ஆனால் கடையில் நடப்பதைக் கேட்டுத்தான் முடிவு சொல்ல முடியும். தங்கச்சி, ஒரே நாளில் ஒரே தரத்துக்கு எல்லாருக்கும் ஒரே விலையா?

தோட்டத்துப்பிள்ளை (குலசேகரம்)

இல்லை. ஷீட்டில் ஈரம் இருந்தால் மாமா கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைப்பார். ஒரே பில்லிலேயே காய்ந்த ஷீட்டு 190, அடியில் இருந்த ஈர ஷீட்டு 187 என்று இரண்டு வரி வருவதுண்டு. மழைக்காலத்தில் ரொம்ப சகஜம். வேண்டியவர்களுக்கு ஒரு ரூபாய் கூட்டியும் போடுவார்.

பழைய கீபோர்டு (தக்கலை)

அப்படியானால் விலை தேதியையும் தரத்தையும் மட்டும் நம்பி நிற்கவில்லை, அந்தப் பில் வரியை நம்பி நிற்கிறது. பில் வரியிலேயே இருக்கட்டும். தினவிலை டேபிள் வேண்டுமானால் தனியாக வையுங்கள், அது கோட்டயத்து விலையைப் பார்த்து ஒப்பிடுவதற்கு. பேரம் இல்லாத, பலகையில் எழுதிய விலைக்கே வாங்கும் கடையாக இருந்தால் மாணவத் தம்பியின் அமைப்பே சரியாக இருந்திருக்கும். டேபிள் அமைப்பு கடையின் வழக்கத்திலிருந்துதான் வருகிறது.

இப்போது பில்லைப் பாருங்கள். ஒரே பில்லில் இரண்டு மூன்று வரி. தேதியும் ஆளும் பில்லுக்கு ஒன்றுதான், தரமும் கிலோவும் விலையும் வரிக்கு வரி வேறு. ஆகவே பில்லும் இரண்டாகும்:

```sql
CREATE TABLE bill (
  bill_no   INTEGER PRIMARY KEY,
  bill_date TEXT,
  farmer_id INTEGER REFERENCES farmer(farmer_id)
);

CREATE TABLE bill_line (
  bill_no INTEGER REFERENCES bill(bill_no),
  line_no INTEGER,
  grade   TEXT,
  kg      REAL,
  rate    REAL,
  PRIMARY KEY (bill_no, line_no)
);
```

பில் எண்ணும் தரமும் சேர்ந்தே ஒரு வரியைத் தனியாக அடையாளம் காட்டும் சாவியாகாதா என்று தோன்றும். ஈர ஷீட்டுக் கதை கேட்டோமே, ஒரே பில்லில் ஒரே தரம் இரண்டு முறை வரும். அதனால்தான் `line_no`.

வடசேரி மாணவன்

தரத்துக்கு ஐடி கொடுக்காமல் அப்படியே RSS4 என்று விட்டிருக்கிறீர்கள். அது திரும்ப வருகிறதே?

பழைய கீபோர்டு (தக்கலை)

RSS4 என்று எழுதுவதற்குப் பதில் 2 என்று எழுதினால் 2 திரும்ப வரும். எழுத்தை எண்ணாக மாற்றுவது பிரித்தல் ஆகாது தம்பி, நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். தரத்தைப் பற்றி இந்தக் கடை வேறு எதையும் எழுதி வைக்கவில்லை, அப்படி இருக்கத் தனி டேபிளில் என்ன போடுவீர்கள்? தப்பான எழுத்து வராமல் தடுக்க ஒரு பட்டியல் டேபிள் வைக்கலாம், அது வேறு நன்மை. தேதிக்கு டேபிளே வேண்டாம்.

மார்த்தாண்டம் கணக்கர்

நான் கடைகளுக்குக் கணக்கு பார்க்கிறவன். எனக்கு ஒரு ஆட்சேபணை. கணக்கு எண்ணை ஆள் டேபிளில் ஒரே ஒரு இடத்தில் வைக்கிறீர்கள். நாளை அதை மாற்றினால், போன ஏப்ரலில் பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? புது எண்ணைக் காட்டும். அது பொய். அச்சடித்த பில்லில் இருந்த பெயரும் முகவரியும்கூட அன்றைக்கு இருந்தபடியே இருக்க வேண்டும் என்பேன்.

பழைய கீபோர்டு (தக்கலை)

நியாயமான கேள்வி. "இனிமேல் எங்கே பணம் போட வேண்டும்" என்பது ஆளைப் பற்றிய செய்தி. "அன்றைக்கு எங்கே போட்டோம்" என்பது அந்தப் பணம் செலுத்தலைப் பற்றிய செய்தி, 190 ரூபாய் மாதிரி. பணம் செலுத்தியதற்கு `payment` என்று ஒரு டேபிள் வைத்து அதில் போன கணக்கு எண்ணையும் எழுதுங்கள். எண் இரண்டு இடத்தில் இருந்தாலும் செய்தி இரண்டு. பில்லில் பெயர், முகவரி வைப்பதில் மட்டும் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை.

மார்த்தாண்டம் கணக்கர்

நான் மாறவில்லை. கையெழுத்து வாங்கிய தாளில் இருப்பது கணினியிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆளுக்குப் பல கணக்கு, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியிலிருந்து என்று தனி டேபிள் வையுங்கள்.

பழைய கீபோர்டு (தக்கலை)

அதுவும் ஒரு வழிதான். இந்த அளவு கடைக்கு அது தேவையா என்று மாமாதான் சொல்ல வேண்டும்.

தங்கச்சி, பழைய ஷீட்டிலிருந்து மாற்றும்போது பெயரை வைத்து நேரடியாகப் பொருத்தாதீர்கள். ஷீட்டில் இருக்கும் எல்லா எழுத்து வடிவங்களையும் தனித்தனியே எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த ஆளின் `farmer_id` என்ன என்று கையால் எழுதி `name_map` என்று ஒரு டேபிள் ஆக்குங்கள். ஒரே எழுத்து வடிவத்தில் இரண்டு பேர் இருந்தால் முதலில் பழைய ஷீட்டிலேயே வீட்டுப் பெயரைச் சேர்த்துத் திருத்திவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் பழைய ஷீட்டின் மொத்த கிலோவும் புது டேபிள்களைச் சேர்த்துப் பார்க்கும் மொத்த கிலோவும் ஒன்றா என்று பாருங்கள். குறைந்தால் ஏதோ வரி பொருந்தாமல் விழுந்துவிட்டது. கூடினால் ஒரு வரி இரண்டு ஆளோடு பொருந்திவிட்டது. இரண்டும் நடந்து சமமாகிவிடக் கூடும், அதனால் வரி எண்ணிக்கையையும் பாருங்கள்.

இன்னொன்று. எஸ்கியூலைட்டில் REFERENCES என்று எழுதினாலும் அது தானாகக் காவல் நிற்காது. டேட்டாபேஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதைக் கொடுக்க வேண்டும்:

```sql
PRAGMA foreign_keys = ON;
```

இல்லாவிட்டால் பில் உள்ள ஒரு ஆளை அழித்தாலும் பேசாமல் விட்டுவிடும்.

வடசேரி மாணவன்

இத்தனை டேபிளைச் சேர்த்துப் படித்தால் மெதுவாகிவிடாதா?

பழைய கீபோர்டு (தக்கலை)

3,200 வரிக்கு உங்களால் வித்தியாசத்தை உணரவே முடியாது. தினமும் எல்லாம் சேர்ந்த ஒரே பட்டியல் வேண்டுமென்றால் ஒரு வியூ போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க பழைய ஷீட்டு மாதிரியே இருக்கும், உள்ளே எழுதியிருப்பது ஒரே இடத்தில்.

```sql
CREATE VIEW purchase_list AS
SELECT b.bill_date, b.bill_no, f.name, f.house,
       l.grade, l.kg, l.rate, l.kg * l.rate AS amount
FROM bill b
JOIN farmer f ON f.farmer_id = b.farmer_id
JOIN bill_line l ON l.bill_no = b.bill_no;
```

தோட்டத்துப்பிள்ளை (குலசேகரம்)

மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து செய்தேன். 214 ஆட்களுக்கு 261 எழுத்து வடிவம் இருந்தது. செல்லத்துரை, செல்லதுரை, செ.துரை எல்லாம் ஒருவரே. பூஜ்ஜிய கிலோ வரிகளை முதலிலேயே எடுத்துவிட்டேன், அந்த ஆட்கள் இப்போது ஆள் டேபிளில் பத்திரமாக இருக்கிறார்கள்.

மொத்தம் பார்த்தேன். பழைய ஷீட்டில் 84,312.5 கிலோ, `purchase_list`-இல் 84,265. 47.5 கிலோ குறைகிறது, வரி எண்ணிக்கையில் இரண்டு குறைகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய கீபோர்டு (தக்கலை)

இரண்டே வரி என்றால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் மக்களே. இதைப் போடுங்கள்:

```sql
SELECT p.bill_no, p.farmer, p.kg
FROM purchase p
LEFT JOIN name_map m ON m.old_name = p.farmer
WHERE m.farmer_id IS NULL;
```

தோட்டத்துப்பிள்ளை (குலசேகரம்)

கிடைத்துவிட்டது. ஒன்று 29 கிலோ, செல்லத்துரைதான். பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி அடித்திருக்கிறேன். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்ததால் பட்டியலில் இரட்டை என்று நினைத்து நானே அழித்துவிட்டேன். அதைச் சேர்த்ததும் மொத்தம் 84,294 ஆனது.

மற்றது 18.5 கிலோ, வெறும் ராஜன் என்று மட்டும் இருக்கிறது. போன் கட்டமும் கணக்கு எண் கட்டமும் காலி, கையில் பணம் கொடுத்த பில். புத்தன்வீடா கீழவிளையா என்று ஷீட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நானாக யூகித்து ஒருவர் பெயரில் போட மனம் வரவில்லை, இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன். திங்கட்கிழமை இரண்டு பேரும் ஷீட்டு கொண்டு வருவார்கள், மாமா பில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மார்த்தாண்டம் கணக்கர்

பில் புத்தகத்தில் கையெழுத்து இருக்கும். அதைப் பாருங்கள்.